வரம்பு நெருப்பை மறிக்காது

சில வருடங்களுக்கு முந்திய ஒரு செப்டெம்பர் மத்தியானம். சிறுபோக அருவி வெட்டு பாதி முடிந்திருந்தது. எங்கள் வயலுக்குத் தென்மேற்கே உள்ள 2 ஏக்கரை அதற்கு முதல் வாரம்தான் மெசின் வெட்டிவிட்டுப் போயிருந்தது. எங்கள் ஒன்றரை ஏக்கர் நன்றாக விளைந்து மெசினுக்குக் காத்துக் கிடந்தது. எங்கள் வயலுக்கு அங்கால் ஒரு ஒழுங்கை, ஒழுங்கை தாண்டினால் பெரியம்மாவின் வளவு. இரணைமடுத் தண்ணீர் வரும் வயல்வெளிகளில் பெரும்பாலும் இப்படித்தான்: வயலும் வளவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும்.

காலை 11.30 மணிபோல அந்த 2 ஏக்கர்க்காரர் வைக்கோலுக்கு நெருப்பு வைத்தார். நான் வாய்க்கால் கட்டில் நின்றிருந்தேன். "அண்ணை, எங்கடை நெல்லு இன்னும் வெட்டேல்லை" என்று கத்தினேன். அவர் கையை உயர்த்திக் காட்டினார். "வரம்பு கிடக்குத்தானே தம்பி, அங்காலை வராது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். புகை கண்ணில் படாமல் இருக்கக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நின்று, தென்மேற்கு மூலையில் நெருப்பை வைத்தார். சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஆகவே நெருப்பு அவரை விட்டு விலகி, 2 ஏக்கரின் முழு நீளத்துக்கும் காற்றோடு ஓடி, வடகிழக்கே இருந்த எங்கள் வரம்புக்கு வந்து சேர்ந்தது. 10 நிமிடம்கூட ஆகவில்லை. தொடங்கும்போது முழங்கால் உயரம் இருந்த சுவாலை வரம்புக்கு வந்தபோது ஆள் உயரத்துக்கு மேலே போய், எங்கள் பக்கம் சரிந்து படுத்திருந்தது.

வரம்பில் ஒரு முழ உயரத்துக்குக் காய்ந்த புல். அந்த மூலையில் மெசின் திரும்பியபோது கொட்டிய வைக்கோல் வரம்புக்கு மேலேயும் கிடந்தது. நெருப்புக்கு அந்த வரம்பு ஒரு படிக்கட்டு மாதிரி. ஏறியது, இறங்கியது, எங்கள் நெல்லுக்குள் போனது. விளைந்த நெல் எரியும்போது ஒரு சத்தம் கேட்கும், பொரி வறுக்கிற சத்தம். அதை ஒரு தடவை கேட்டவர் மறக்கமாட்டார்.

ஒழுங்கையில் ஒரு உழவு இயந்திரம் தட்டுக் கலப்பையோடு நின்றது எங்கள் நல்ல காலம். அப்பா ஓடிப்போய், நெருப்புக்கு முன்னால் போதிய தூரம் விட்டு, வயலைக் குறுக்கே உழச் சொன்னார். ஓட்டுநர் ஒரு நிமிடம் தயங்கினார். விளைந்த நெல்லை உழ யாருக்குத்தான் மனம் வரும்? அப்பா மறுபடியும் சொன்ன பிறகு 4 சால் போனார். நெல்லும் மண்ணும் புரண்டு ஒரு கறுத்த பட்டை விழுந்தது. நெருப்பு அங்கே வந்து நின்றது. பக்கங்களில் கசிந்ததை வேப்பங்குழையாலும் நனைத்த சாக்காலும் அமத்தினோம். ஏறக்குறைய அரை ஏக்கர் போனது.

முடிந்தது என்று மூச்சு விட்டபோதுதான் பெரியம்மாவின் வளவில் கூக்குரல் கேட்டது. எங்கள் எல்லையில் ஒரு பனை நிற்கிறது. வட்டைச் சுற்றிக் காவோலை தொங்கிக் கிடந்தது. வரம்பு நெருப்பு அதில் ஏறியிருக்கிறது, நாங்கள் யாரும் மேலே பார்க்கவில்லை. எரிகிற ஓலைத் துண்டொன்று காற்றில் பறந்து ஒழுங்கையைத் தாண்டி, குசினிக்குப் பின்னால் இருந்த வைக்கோல் போரில் விழுந்துவிட்டது. குசினிச் சுவரிலிருந்து போர் 12 அடி. குசினிக்குக் கிடுகுக் கூரை.

நாங்கள் வாளியோடு போருக்கு ஓடினோம். பெரியம்மா தடுத்தார். "வைக்கலை விடுங்கோ, அது போகட்டும். குசினிக் கூரையை நனையுங்கோ!" அன்று நடந்த எல்லாவற்றிலும் சரியாகச் சிந்தித்தது அவர் ஒருவர்தான். கிணற்று மோட்டரைப் போட்டுக் கூரையை ஊற ஊற நனைத்தோம். போர் போனது, வீடு நின்றது.

அதற்குப் பிறகு இணக்கசபை, பேச்சுவார்த்தை, நட்டஈடு எல்லாம் நடந்தன. அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அந்த அண்ணையும் நாங்களும் இன்றும் ஒரே வாய்க்கால் தண்ணீரைத்தான் பங்கிட்டுக்கொள்கிறோம். நான் எழுத நினைத்தது, அதற்குப் பிறகு நாங்கள் நெருப்பைப் பற்றித் தெரிந்துகொண்டவை. அடுத்த சிறுபோகத்திலிருந்து எங்கள் துண்டில் வேறு மாதிரித்தான் எரிக்கிறோம்.

ஏன் எரிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு ஏக்கரில் எடுக்கும் நெல்லின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான எடை வைக்கோல் வயலில் கிடக்கும். எரித்தால் அதிலிருக்கும் தழைச்சத்தில் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது பெரும்பாலும் சாம்பற்சத்து, அதையும் காற்று அள்ளிக்கொண்டு போகும். காலபோகம் வெட்டிய பிறகு நாங்கள் எரிப்பதில்லை. மாட்டுக்கு ஏற்றுகிறோம், மிச்சத்தைப் பரப்பி விடுகிறோம். சிறுபோகத்தில்தான் சிக்கல். செப்டெம்பரில் வெட்டி, ஒக்டோபர் முதல் மழைக்கு முன் காலபோகத்துக்குப் புழுதி உழ வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது, காய்ந்த மண்ணுக்குள் வைக்கோல் மக்காது. மெசின் நீளநீளமாகக் குவித்துவிட்டுப் போகும் வைக்கோல் கொழுவில் சுற்றிக்கொள்ளும். வைக்கோல் கட்டும் மெசின் வந்தால் கட்டிக் கொடுத்துவிடுவோம், எல்லா வருடமும் வராது. அதனால் எரிக்கிறவர்கள் எரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். எரிப்பதானால் எப்படி என்பதைச் சொல்லாமல் விடுவது அயலவருக்குச் செய்யும் துரோகம் என்று நான் நினைக்கிறேன்.

முதல் விஷயம் வரம்பு. வரம்பு தண்ணீரை மறிக்கக் கட்டியது. நெருப்பு மறிபட வேண்டுமானால் எரிய ஒன்றும் இல்லாத வெறும் மண் வேண்டும். புல் மூடிய வரம்பு, வைக்கோல் சிந்திய வரம்பு, காய்ந்த சருகு நிறைந்த வெறும் வாய்க்கால், எல்லாமே நெருப்புக்குப் பாதைதான். இப்போது நாங்கள் எரிப்பதற்கு முதல் நாள் வயலின் நான்கு பக்கமும் தட்டுக் கலப்பையால் உழுது வெறும் பட்டை எடுக்கிறோம். காற்று வரும் பக்கமும் இரண்டு விலாப் பக்கமும் 10 அடி போதும். காற்று போகும் பக்கம், அதாவது சோளகத்தில் வடகிழக்குப் பக்கம், 25 அடிக்குக் குறையாமல் எடுக்கிறோம்.

இதில் ஒரு சின்ன வேலையைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். உழுவதற்கு முன் அந்தப் பட்டையில் கிடக்கும் வைக்கோலை வயலின் உள்பக்கம் இழுத்துப் போட வேண்டும். வைக்கோலோடு சேர்த்து உழுதால் பாதி மண்ணுக்குள் போகும், மீதி மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் உழுத நிலமாகத் தெரியும். அதன் மேல் நடந்து பாருங்கள். காலடியில் வைக்கோல் சரசரத்தால் அது இன்னும் பட்டை ஆகவில்லை. வரம்புப் புல்லையும் செருக்கி உள்ளே தள்ளிவிடுவோம். வடகிழக்கு வரம்பில் பின்னேரம் தண்ணீரும் தெளிப்போம்.

இரண்டாவது, நேரம். எங்கள் பக்கம் சோளகம் காலை 9 மணி தாண்டினால் ஏறத் தொடங்கும், மத்தியானத்தில் உச்சம், பின்னேரம் 5 மணி அளவில் தளரும். காலை 7 மணிக்குக் காற்று இல்லையே என்று பலர் அப்போது வைக்கிறார்கள். காலையில் பனி ஈரம் இருக்கும், நெருப்பு புகைந்து புகைந்து மெல்லப் பிடிக்கும். நன்றாகப் பிடித்து எரியும் நேரத்தில் காற்றும் ஏறிவிடும், வைக்கோலும் காய்ந்துவிடும். பொழுது நமக்கு எதிராக நடக்கிறது. பின்னேரம் அதற்கு மாறு. 4.30 மணிக்குத் தொடங்கினால் ஒவ்வொரு அரை மணிக்கும் காற்று குறையும், வெயில் தணியும், காற்றில் ஈரம் கூடும். வைக்கும்போது காற்று எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் காணாது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் எப்படி ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும்.

பின்னேரத்துக்கும் ஒரு குறை உண்டு. இருட்டும். புகை மேலே போகாமல் தாழ்ந்து படுத்து வீதிக்கு வரும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு ஏக்கருக்கு மேல் நாங்கள் எரிப்பதில்லை. மிச்சத்தை நடுவே ஒரு பட்டை உழுது பிரித்து அடுத்த நாளுக்கு விடுகிறோம். ஏ-9 போன்ற பெரிய வீதிக்குப் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர்கள் காற்று வீதிப் பக்கம் போகும் நாளில் எரிக்கவே கூடாது. புகைக்குள் வரும் லொறி முன்னால் போகும் சைக்கிளைக் காணாது.

பின்னேரம் 4.30 மணிக்குப் போய்ப் பார்க்கிறோம், காற்று பலமாகவே அடிக்கிறது என்றால் திரும்பி வந்துவிடுவோம். அதற்கு எங்களிடம் கருவி எதுவும் இல்லை. வயல் நடுவே நின்று ஒரு பிடி வைக்கோலை இடுப்பு உயரத்திலிருந்து விடுவேன். காலடியிலோ ஓரிரு அடி தள்ளியோ விழுந்தால் சரி. எட்டி நடக்கிற தூரத்துக்குக் கொண்டுபோனால் இன்று வேண்டாம். முதலில் ஒரு பக்கம், பிறகு வேறொரு பக்கம் என்று மாறி விழுந்தால் கட்டாயம் வேண்டாம். திசை நிலைக்காத காற்று பலமான காற்றைவிட மோசமானது, ஏனென்றால் எந்தப் பக்கம் ஆளை நிறுத்துவது என்று தெரியாது.

இனி வைக்கும் விதம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம், நம்ப வைக்கக் கஷ்டமானதும் இதுதான். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வைக்காதீர்கள். காற்று போய்ச் சேரும் ஓரத்தில், எங்கள் வயலில் வடகிழக்கு ஓரத்தில், உழுத பட்டையை ஒட்டி முதல் நெருப்பை வையுங்கள். அப்போது நெருப்பு ஒரு பக்கம் வெறும் மண்ணைக் காண்கிறது, மறுபக்கம் காற்றுக்கு எதிராக நகர வேண்டியிருக்கிறது. சுவாலை ஏற்கெனவே எரிந்த பக்கமாகப் பின்னுக்குச் சரியும். புதிய வைக்கோலை அதன் அடி மட்டும் மெல்ல மெல்லத் தின்னும். முழங்காலுக்குக் கீழேயே நிற்கும், பக்கத்தில் நின்று பார்க்கலாம். காற்றோடு ஓடிய நெருப்பு 10 நிமிடத்தில் தாண்டிய வயலை இது மெதுமெதுவாக ஊர்ந்து கடக்கும்.

அந்த மெதுவைத்தான் பலருக்குப் பொறுக்க முடிவதில்லை. பொறுங்கள். 30 அடி அகலத்துக்கு அந்த ஓரம் கறுத்து வந்தால், 25 அடி உழுத பட்டையோடு சேர்த்து 55 அடிக்கு எரிய ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு இரண்டு விலாப் பக்கங்களிலும் ஓரமாக வைத்துக்கொண்டு வரலாம். தென்மேற்கு ஓரத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைப்போம். அது காற்றோடு ஓடி வந்தாலும், முன்னால் கறுத்த நிலத்தைக் கண்டு தானாகவே அணையும். அன்று அந்த அண்ணை வைத்ததும் அதே மூலைதான். கடைசியில் வைக்க வேண்டிய மூலையில் அவர் முதலில் வைத்தார்.

ஆட்கள் 4 பேர் வேண்டும். ஒருவர் வைப்பார். இரண்டு பேர் வடகிழக்கு ஓரத்தில் தண்ணீர்க் கானும் குழையும் நனைந்த சாக்குமாக நிற்பார்கள். நாலாவது ஆள் நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அயல் வயலையும் வளவையும் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் இது பெரும்பாலும் என் தங்கையின் வேலை. நெருப்பு எரியும்போது அதைப் பாராமல் நிற்பது லேசில்லை, கண் தானாகத் திரும்பும். அன்று எங்களில் 8 பேர் வயலில் நின்றோம், 8 பேரும் நெருப்பைத்தான் பார்த்தோம். பனையில் ஏறியதை ஒருவரும் காணவில்லை.

பனைக்குத் தனியாக ஒரு சொல். காவோலை தொங்கும் பனை எரிகிற வயலுக்கு 100 அடிக்குள் நின்றால் முதலில் காவோலையை இறக்க வேண்டும். அடியில் கிடக்கும் ஓலை, பன்னாடை, மட்டை எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும். சாக்கு மூட்டை மாதிரித் தொங்கும் அந்தக் காய்ந்த ஓலைகளில் ஒரு பொறி பட்டால் ஒரே வீச்சில் உச்சிக்குப் போகும். அங்கே தரையில் இருப்பதைவிடக் காற்று பலம். எரியும் ஓலைக்கீலம் அகலமும் பாரமில்லாததுமாக இருப்பதால் வைக்கோல் பொறியைவிடத் தூரம் போகும், விழும்போதும் உயிரோடு இருக்கும். வைக்கோல் பொறி பெரும்பாலும் பறக்கும்போதே சாம்பலாகிவிடும்.

அடுத்த பக்கத்தில் வெட்டாத நெல் இருந்தால் இந்த முறையெல்லாம் இருந்தும் எரிக்க வேண்டாம். இது எங்கள் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் நான் எழுந்து சொன்ன ஒரே விஷயம். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரின் அளவுக்கு ஏற்பப் பங்கு பிரித்து விதைப்பதால் விதைப்பு முன்பின்னாகும், ஒரே வெளியில் ஒருவர் வெட்டி முடிக்க மற்றவர் நெல் நிற்கும். முதல் வெட்டியவர் 10 நாள் பொறுத்தால் கடைசி வெட்டியவரும் முடித்துவிடுவார். எரிப்பதற்கு முதல் நாள் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய்ச் சொல்வதையும் இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம். காயப் போட்ட உடுப்பு, கட்டிய மாடு, இளைப்பு நோயுள்ள கிழவர், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வன்னிக்கே உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உழுது விதைத்து வரும் வயலைப் பற்றி நான் பயப்படுவதில்லை. வயல் ஓரத்துப் பற்றைகளைப் பற்றிப் பயப்படுகிறேன். 2009 வரை நடந்த யுத்தத்தின் வெடிக்காத வெடிபொருட்கள் இன்னும் அகப்படுகிற மண் இது. குப்பைக்கு வைத்த நெருப்பில் வெடித்து ஆட்கள் காயப்பட்ட செய்திகளை நாங்கள் கேட்டிருக்கிறோம். ஆகவே வருடக் கணக்காகக் கை படாத பற்றைக்கோ, பழைய மண் அணைப் பக்கத்துக்கோ நெருப்பை விடாதீர்கள். அந்தப் பக்கம் பட்டையை இன்னும் அகலமாக, வயலின் உள்பக்கமாக எடுங்கள். நெருப்பு அதற்குள் போய்விட்டால் அணைக்க உள்ளே ஓடாதீர்கள். தள்ளி நின்று, பற்றை முடியும் இடத்தில் மறிக்கப் பாருங்கள். இரும்பாக எதையாவது கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து 119க்குச் சொல்லுங்கள்.

நெருப்பு மீறிவிட்டால் என்ன செய்வது? முதலில் நெருப்பின் முன்னால் போய் நிற்காதீர்கள். அன்று என் மாமன் மகன் முன்னால் ஓடி அடிக்கப் பார்த்துப் புருவமும் கைமயிரும் கருகித் திரும்பினான். நெருப்பு கடந்து வந்த இடத்திலிருந்து, அதாவது கறுத்த பக்கத்திலிருந்து, இரண்டு விலாவையும் அமத்திக்கொண்டு முன்னேற வேண்டும். நெருப்பு குறுகிக் குறுகிக் கடைசியில் முனை மட்டும் மிஞ்சும். குழையை ஓங்கி அடித்தால் பொறி தெறித்து இன்னொரு இடத்தில் பிடிக்கும். அமத்தி, ஒரு கணம் பிடித்து, கறுத்த பக்கமாக இழுக்க வேண்டும். திணறல் வந்தால் ஓடவேண்டிய இடமும் அந்தக் கறுத்த நிலம்தான். அங்கே எரிய ஒன்றும் மிச்சமில்லை. நைலோன் உடுப்போடு யாரும் இந்த வேலைக்கு வரக்கூடாது, அது உருகித் தோலில் ஒட்டும். பழைய பருத்திச் சட்டை, சாரத்தை விட்டு நீளக் காற்சட்டை, காலில் சப்பாத்து.

தீயணைப்புக்கு 110. கட்டாயம் அழையுங்கள், அதுவும் முதல் 5 நிமிடத்திலேயே. ஆனால் பட்டணத்திலிருந்து கிரவல் ஒழுங்கை வழியே வாகனம் வந்து சேர்வதற்குள் நெருப்பு இரண்டு வயல் தாண்டிவிடும். உழவு இயந்திரமும் தட்டுக் கலப்பையும் அன்று எங்களுக்குச் செய்ததை எந்தத் தண்ணீர் பவுசரும் அந்த நேரத்துக்குச் செய்திருக்காது. இப்போது எரிக்கும் நாளில் கலப்பை பூட்டிய இயந்திரம் ஒன்றை ஒழுங்கையில் நிறுத்தி வைத்த பிறகுதான் தீப்பெட்டியை எடுக்கிறோம்.

வைக்கோல் போருக்கு வருகிறேன். வயல் நெருப்பு வீட்டுக்கு வருவதானால் நடுவில் ஏதாவது வேண்டும். எங்கள் கதையில் அது போர்தான். பெரியம்மாவின் போர் குசினிக்குப் பின்னால் இருந்ததற்குக் காரணம் மாட்டுக்கொட்டில் அங்கே இருந்தது, தூக்கிப் போட வசதி. புதிய போருக்கு இடம் பார்த்தபோது நாங்கள் காற்றைத்தான் முதலில் யோசித்தோம். இங்கே பலமான காற்று இரண்டு: ஒன்று தென்மேற்கிலிருந்து வரும் சோளகம், மற்றது வடகிழக்கிலிருந்து வரும் வாடை. இரண்டும் ஒரே கோட்டில், எதிரெதிர்த் திசையில். வீட்டுக்கு வடகிழக்கே போர் இருந்தால் சோளகத்தில் வீட்டுக்குப் பயமில்லை, வாடையில் அதன் பொறியெல்லாம் வீட்டில் விழும். தென்மேற்கே இருந்தால் மாறி நடக்கும். அந்தக் கோட்டை விட்டு விலகி, வீட்டுக்கு வடமேற்கேயோ தென்கிழக்கேயோ வைத்தால் இரண்டு காற்றிலும் பொறி வீட்டைத் தொடாமல் பக்கமாகப் போகும். பெரியம்மாவின் வளவில் தென்கிழக்கு மூலை வாய்த்தது. குசினியிலிருந்து 60 அடி. அந்த மூலைக்கு மேலே மின்கம்பி இல்லை, பனையும் இல்லை. சுற்றி 10 அடி புல் செருக்கி வெறும் மண்ணாக வைத்திருக்கிறோம்.

ஒரே பெரிய போருக்குப் பதிலாக இரண்டு சின்னப் போர், நடுவில் 30 அடி இடைவெளி. ஒன்று போனாலும் மாட்டுக்கு மற்றது மிஞ்சும். கட்டவும் மூடவும் கொஞ்சம் கூட வேலைதான். பெரியம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்று போர் எரிந்த பிறகு காலபோகம் வெட்டும் வரை மாட்டுக்கு வைக்கோல் விலைக்கு வாங்கியவர் அவர்.

போருக்கு வெளியிலிருந்து வரும் நெருப்பில் நான் அதிகம் கண்டது மாட்டுப் புகைதான். நுளம்புக்காகப் பின்னேரத்தில் கொட்டிலுக்குப் பக்கத்தில் சருகையும் சாணத்தையும் போட்டு மூட்டுவார்கள். நாங்கள் அதை இப்போது பாதியாய் வெட்டிய தகர பரலுக்குள் வைத்து மூட்டுகிறோம். படுக்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றி விடுவோம்.

உள்ளேயிருந்து வரும் நெருப்பும் உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. காலபோக முடிவில் மழை பெய்து நனைந்த வைக்கோலை, அல்லது மெசின் பச்சைக் களையோடு சேர்த்து வெட்டிப்போட்ட வைக்கோலை, காயவிடாமல் போராக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு பிறக்கும். போர் பெரிதாயும் இறுக்கமாயும் இருந்தால் அந்தச் சூடு வெளியேறாது. நெல் வைக்கோல் நன்றாகக் காய்ந்திருந்தால் இது அபூர்வம். ஈரமாகக் கட்டியிருந்தால் முதல் 2 கிழமையிலிருந்து 6 கிழமை வரை கவனிக்க வேண்டும். காலையில் போரின் உச்சியில் ஆவி எழும். புளித்த மணம் மாறிக் கருகல் மணம் வரும். மேல்பக்கம் ஒரு இடம் மட்டும் உள்வாங்கிக் குழியும்.

சந்தேகம் வந்தால் ஒரு அலவாங்கை போரின் நடுவரை சாய்வாகச் செலுத்தி, 20 நிமிடம் விட்டு இழுத்து, நுனியைக் கையால் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் பயமில்லை. பிடித்துக்கொண்டு இருக்க முடியாத சூடு என்றால் போர் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவசரப்பட்டு உடனே பிரிக்காதீர்கள், மேலே ஏறியும் நிற்காதீர்கள். மூடிக் கிடந்த சூட்டுக்குக் காற்றுப் பட்டதும் குப்பென்று பிடிக்கும். உள்ளே கருகி வெற்றிடமாகியிருந்தால் ஏறியவர் அதற்குள் இறங்கிவிடுவார். முதலில் தண்ணீரும் ஆட்களும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அப்புறம், காற்று இல்லாத நேரத்தில், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட கொக்கத்தடியால் இழுத்து, இழுத்ததை நனைத்து, வெறும் தரையில் பரப்ப வேண்டும்.

எரிந்த போரும் அப்படித்தான். பெரியம்மாவின் போருக்கு மாலை வரை தண்ணீர் ஊற்றினோம். மேலே கறுத்து அணைந்து கிடந்தது. வைக்கோல் கூரை மாதிரி தண்ணீரை வழிய விட்டுவிடும், உள்ளே ஈரமே போகாது. இரவு 2 மணிக்கு மறுபடியும் சுவாலை எழுந்தது. விடிந்த பிறகுதான் பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும் என்று விளங்கியது. முழுதாக அணைய இரண்டாம் நாள் மத்தியானம் ஆனது.

வயலிலும் இதே மாதிரி ஒளிந்திருக்கும் நெருப்பு எருவட்டிதான். வெட்டிய வயலில் மேய்ந்த மாடுகளின் காய்ந்த சாணம் வெளியே சாம்பலாகத் தெரியும், உள்ளே கங்கு இரவு முழுக்கக் கிடக்கும். அடுத்த நாள் 10 மணிச் சோளகம் அதை ஊதி எழுப்பி ஓரத்துப் புல்லில் போடும். "நேற்றே அணைஞ்சுபோச்சு" என்று சொன்ன வயலிலிருந்து மறுநாள் நெருப்புக் கிளம்புவது இதனால்தான். எரித்த இரவு படுக்குமுன் ஒருமுறை, அடுத்த நாள் 9 மணிக்கு ஒருமுறை ஓரம் சுற்றி நடக்கிறோம். புறங்கையை நிலத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் சூடு தெரியும். எருவட்டியைக் காலால் புரட்டித் தண்ணீர் ஊற்றுவோம். பனை அடிக்கட்டை இருந்தால் ஒரு வாளி அதற்குத் தனியாக.

நேற்று அந்த 2 ஏக்கர் அண்ணை வீட்டுக்கு வந்தார். நாளை மறுநாள் பின்னேரம் எரிக்கப் போகிறாராம். வடகிழக்கு ஓரம் இரண்டு முறை உழுதாயிற்றாம், எங்கள் நெல் வெட்டி முடிந்ததையும் தானே வந்து பார்த்துவிட்டுத்தான் நாள் குறித்திருக்கிறார். "நீதான் வடகிழக்கிலை முதல் வைக்கவேணும் தம்பி, எனக்குக் கை பழகேல்லை" என்றார். சரி என்றேன். தங்கையையும் கூட்டிப் போக வேண்டும். எல்லைப் பனையில் இந்த வருடக் காவோலை இரண்டு இன்னும் தொங்குகிறது. நாளைக் காலையில் கொக்கத்தடியோடு போகிறேன்.